ஐம்பது வயதில் போட வேண்டிய அட்டவணை

வார்ப்பட ஆலைகளில் சில பழுதுகள் தினமும் வரும். சில ஆண்டுக்கு ஒருமுறை, பருவத்தோடு வரும். இன்னும் சில, ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். கோவையைச் சுற்றி பம்பு உடலும் மோட்டார் உறையும் வார்க்கிற பவுண்டரி ஒன்றில் இருபது, முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு இந்த மூன்று வகையும் பழக்கம். ஆலை அவருக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் முதல் வகைக்கு. அவர் போன பிறகு ஆலை தவிப்பதோ மற்ற இரண்டுக்கும்.

சித்திரை வெயிலில், ஒருமுறை பயன்படுத்தி உதிர்த்த அச்சுமணல் ஆறுவதற்குள் மறுபடி அச்சுக்கு வந்துவிடும். சூடான மணலில் ஈரம் நிற்காது. அச்சின் ஓரங்கள் பொடிந்து, உருக்கிரும்பை ஊற்றும்போது மணல் உள்ளே விழும். ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறு. வார்ப்புக்குள் வெற்றிடம் விடுவதற்காக வைக்கும் மணல் கருக்களை ‘கோர்’ என்பார்கள். அவை ரேக்கில் கிடந்தபடியே காற்றின் ஈரத்தை உறிஞ்சி, இரும்பு படும்போது ஆவியைக் கக்கும். வார்ப்பில் குமிழி விழும். மூன்றாம் வகை இன்னும் மோசமானது. வாங்கிய பழைய இரும்பில் எங்கோ கொஞ்சம் ஈயம் கலந்திருக்கும். வழக்கமாகப் பார்க்கிற கரி, சிலிக்கான், மாங்கனீசு அளவுகள் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் இரும்புக்குள் கிராபைட் உருவாகும் வடிவம் கெட்டு, வார்ப்பு வலுவிழந்திருக்கும். இதை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை நுண்ணோக்கியில் பார்த்ததும் சொல்லிவிடுவார். பார்க்காதவர் வாரக்கணக்கில் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

பணி ஓய்வுக்கு முன்னால் இரண்டு, மூன்று மாதம் ஒதுக்கி, “உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று கேட்பது நம் ஊர்த் தொழிற்சாலைகளில் வழக்கம். அந்த மூன்று மாதத்தில் ஒரு பருவம்கூட முழுதாக வந்து போகாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பழுதை, சொல்லித்தருபவர் பக்கத்தில் நிற்க, கற்பவர் மூன்று முறையாவது எதிர்கொள்ள வேண்டுமென்றால் மூன்று ஆண்டு வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவதை ஒரே ஒருமுறை சேர்ந்து பார்க்க வேண்டுமென்றாலும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். வேலையின் கடைசிப் பத்தாண்டுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான். அறிவைக் கைமாற்ற எவ்வளவு காலம் ஆகும் என்பதைத் தீர்மானிப்பது நாமல்ல, அந்தப் பழுது வரும் இடைவெளி.

எழுதி வைத்தால் போதாதா? அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டிரைடன்ட் ஏவுகணையில் பொருத்தும் டபிள்யூ-76 என்ற அணுகுண்டுக்காக, ஃபாக்பேங்க் என்ற புனைபெயர் கொண்ட ஒரு பொருளை 1975 முதல் 1989 வரை டென்னசியில் உள்ள ஒய்-12 ஆலையில் செய்தார்கள். பிறகு அந்தத் தொழிற்கூடம் மூடப்பட்டது. பழைய குண்டுகளைப் புதுப்பிக்க அது மறுபடி தேவைப்பட்டபோது குறிப்புகள் அதிகம் மிஞ்சவில்லை, செய்தவர்களில் அநேகமாக எல்லோரும் ஓய்வுபெற்றோ விலகியோ போயிருந்தார்கள். இருந்த ஆவணங்களை வைத்துப் புதிய ஆலை கட்டினார்கள். செய்முறையை அப்படியே பின்பற்றியும் பொருள் சரியாக வரவில்லை. நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு காரணம் தெரிந்தது. பழைய மூலப்பொருளில் ஒரு மாசு இருந்திருக்கிறது. அந்த மாசுதான் பொருளுக்குத் தேவையான குணத்தைக் கொடுத்திருக்கிறது. புதிய ஆலையின் சுத்திகரிப்பு அதை நீக்கிவிட்டது. லாஸ் அலமோஸ் ஆய்வகமே இதை 2009-இல் தன் இதழில் எழுதியது.

இதில் என்னை உறுத்துவது ஆவணம் தொலைந்தது அல்ல. அந்த மாசு முக்கியம் என்பது முதலில் செய்தவர்களுக்கே தெரியாது. அவர்களை உட்காரவைத்து எழுதச் சொல்லியிருந்தாலும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். தனக்குத் தெரியும் என்றே தெரியாத அறிவை எழுதிக் கொடுக்க முடியாது. அது வெளியே வருவது, இன்னொருவர் அதே வேலையைச் செய்து தவறும்போது மட்டும்தான்.

எதைக் கைமாற்றுவது?

ஐம்பது வயதில் ஒரு பொறியாளரை வைத்துக்கொள்வோம். இது கற்பனை ஆள்தான், ஆனால் இவரைப் போன்றவர்கள் கோவையில் நிறைய உண்டு. வார்ப்பு முறைகளுக்குப் பொறுப்பாளர். ஓர் அச்சில் இரும்பு எந்த வழியாக இறங்க வேண்டும், சுருக்கத்தை ஈடுகட்டும் ரைசர் எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்பவர். ஆலையில் ஓய்வு வயது 58. மாதம் 1,20,000 ரூபாய் சம்பளம், அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 60,000.

இவர் முதலில் செய்ய வேண்டியது பத்து நாள் விடுப்பு எடுப்பது. வெளியூர் போகட்டும், போனை மட்டும் அணைக்க வேண்டாம். ஆலையிலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்பையும் ஒரு தாளில் குறிக்கட்டும்: யார் கூப்பிட்டார், என்ன கேட்டார், பதில் அவர் கண்ணெதிரே எங்காவது எழுதி இருந்ததா, இல்லையா. எழுதி இருந்தும் கேட்டவை அதிகாரத்துக்காக வந்த அழைப்புகள். ‘நீங்கள் சொன்னால் செய்கிறோம்’ என்ற வகை. எழுதி இல்லாதவைதான் அறிவுக்காக வந்தவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் தீர்வு வேறுவேறு. முதல் வகையை ஒரு கையெழுத்து அதிகாரத்தை இன்னொருவருக்கு மாற்றி ஒரே நாளில் முடிக்கலாம். இரண்டாம் வகைக்குத்தான் ஆண்டுகள் வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, தன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்று நினைக்கிறார்கள்.

அடுத்தது, யாருக்குக் கைமாற்றுவது. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்தால் அவர் நான்காம் ஆண்டில் வேறு ஆலைக்குப் போய்விடுவார். இது நடக்கக்கூடும் என்பதல்ல, நடக்கும் என்றே வைத்துக்கொண்டு திட்டமிட வேண்டும். அதனால் இருவர். ஒருவர் டிப்ளமோ அல்லது பட்டம் படித்த இளம் பொறியாளர். இன்னொருவர் மோல்டிங்கிலோ கோர் ஷாப்பிலோ கைவேலை தெரிந்த ஆள். வெளியூரிலிருந்து வந்த பொறியாளர் போனாலும், உள்ளூரில் வீடும் குடும்பமும் உள்ள மேற்பார்வையாளர் இருப்பார்.

சொல்லித்தரும் முறைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். விளக்கம் சொல்வதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பம்பு உடல்களில் குமிழி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இளையவர் ஓடிவந்து, “சார், ஊத்துற சூடு கம்மியா இருந்திருக்குங்க” என்கிறார். மூத்தவருக்குக் காரணம் தெரியும். ஆனால் அவர் வாய் திறக்கக் கூடாது. “உன் காரணத்தை நோட்டில் எழுது, தேதி போடு. அப்புறம் ஒரு பீஸை உடை” என்று மட்டும் சொல்ல வேண்டும்.

உடைத்த துளையின் உட்சுவர் வழுவழுப்பாக மின்னினால் அது வாயு. சொரசொரப்பாக, நுண்ணிய கிளைகள் போலத் தெரிந்தால் இரும்பு சுருங்கியதால் வந்த பள்ளம். உள்ளே மணல் துகள் ஒட்டியிருந்தால் அச்சு உதிர்ந்திருக்கிறது. இங்கே சுவர் வழுவழுப்பாக இருக்கிறது, துளைகள் எல்லாம் கோருக்குப் பக்கத்தில், மேல்புறமாக இருக்கின்றன. சரி, வாயு கோரிலிருந்து வந்திருக்கலாம். அந்தக் கோர்கள் எப்போது செய்தவை? நாலு நாளாக ரேக்கில், மழைச்சாரல் வரும் கதவோரம் கிடந்தவை. இப்போது ஒரு சோதனை. அதே கோர்களில் பாதியை அடுப்பில் வைத்து உலர்த்தி, மீதியை அப்படியே வைத்து, ஒரே லேடில் இரும்பை இரண்டு வகை அச்சிலும் ஊற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். உலர்ந்தவற்றில் குமிழி இல்லையென்றால் இளையவர் தானே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நோட்டில் அவர் முதலில் எழுதியது, ஏன் அது தவறு, எந்தச் சான்று திருத்தியது என்ற மூன்றும் பதிவாகிவிடும்.

அந்த நோட்டின் மதிப்பு அதில் உள்ள விடைகளில் இல்லை. எல்லாப் பாடப்புத்தகத்திலும் கோர் ஈரம் பற்றி எழுதியிருக்கிறது. மூத்தவர் எந்த வரிசையில் சந்தேகப்படுகிறார், எந்தச் சந்தேகத்தை எந்தச் சான்றைப் பார்த்துக் கைவிடுகிறார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதுதான் நோட்டில் சேர்கிறது. மூன்று மழைக்காலம் கடந்ததும் இளையவரின் முதல் ஊகமும் உண்மைக் காரணமும் எத்தனை முறை ஒத்துப்போயின என்று எண்ணிப் பார்க்கலாம். கைமாறியதா இல்லையா என்பதற்கு அந்த எண்ணிக்கையே சான்று. ‘அவன் தேறிட்டான்’ என்ற வாய்ச்சொல் போதாது.

சில விஷயங்களைக் காதாலும் கையாலும்தான் கற்க முடியும். உருண்டை கிராபைட் இரும்பில், மக்னீசியம் கலந்த பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். தாமதமானால் மக்னீசியம் கரைந்துபோய் கிராபைட் தட்டையாகும். நல்ல வார்ப்பைச் சுத்தியால் தட்டினால் மணி போல ஒலிக்கும், கெட்டது மந்தமாக ஒலிக்கும். இதை வீடியோ எடுத்து வைப்பது வீண். கெட்டதையும் நல்லதையும் கலந்து இருபது பீஸை வரிசையாக வைத்து, கண்ணை மூடித் தட்டிப் பிரிக்கச் சொல்லி, ஆய்வகத்தில் வெட்டிப் பார்த்துச் சரிபார்ப்பதே பயிற்சி.

விலகி நிற்கும் கட்டம்

ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்கு வயதில் ஒரு சிக்கல் வரும். இளையவர் முடிவெடுக்கத் தயாராகிவிட்டார், ஆனால் ஆட்கள் அவரைத் தாண்டி மூத்தவரிடமே வருவார்கள். “எதுக்கும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க.” மூத்தவர் கண்ணில் படும்வரை இது நிற்காது. எவ்வளவு நல்லெண்ணத்தோடு ஒதுங்கி உட்கார்ந்தாலும் நிற்காது. அதனால் வேலையைக் குறைப்பது என்பதை ஓய்வுக்கான சலுகையாகப் பார்க்காமல், கற்பித்தலின் ஒரு கருவியாகப் பார்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவர் ஆலையில் இருக்கக் கூடாது. அந்த இரண்டு நாளில் நடப்பதை மூன்றாம் நாள் வந்து நோட்டில் பார்த்தால் போதும்.

அமெரிக்க மத்திய அரசு 2014-இல் தன் ஊழியர்களுக்குக் கொண்டுவந்த படிப்படியான ஓய்வுத் திட்டம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. ஊழியர் பாதி நேரம் வேலை பார்க்கிறார், பாதிச் சம்பளமும் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியும் பெறுகிறார். வேலை நேரத்தில் குறைந்தது 20 சதவீதத்தை மற்றவர்களுக்குக் கற்பிப்பதில் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. நம் நாட்டுத் தனியார் துறையில் அப்படி ஒரு சட்ட ஏற்பாடு கிடையாது. முதலாளியும் ஊழியரும் பேசி வைத்துக்கொள்வதுதான். அங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் அதைத் தெரியாமல் விழுகிறார்கள்.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்கிடப்படுகிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். நம் பொறியாளர் 28 ஆண்டு சேவையில், 60,000 ரூபாயில் விலகினால் கிடைப்பது ஏறக்குறைய 9,69,000 ரூபாய். அதற்குப் பதில், “இனி வாரம் மூணு நாள் வந்தா போதும், பாதிச் சம்பளம் எடுத்துக்குங்க” என்று முதலாளி அன்போடு சொல்ல, இவரும் ஒப்புக்கொண்டு 30,000 ரூபாய் அடிப்படையில் இன்னும் இரண்டு ஆண்டு வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். 30 ஆண்டு முடிவில் கணக்கு 30,000-த்தில் போடப்படும். கிடைப்பது ஏறக்குறைய 5,19,000. இரண்டு ஆண்டு கூடுதலாக உழைத்ததற்கு நான்கரை லட்சம் நஷ்டம். விபத்திலோ நோயிலோ உடல் ஊனமுற்று, குறைந்த சம்பளத்துக்கு மாறியவருக்கு மட்டும் சட்டம் முன்பு வாங்கிய சம்பளத்தைத் தனியாகக் கணக்கில் எடுக்கிறது. விரும்பிக் குறைத்துக்கொண்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

யாரும் ஏமாற்ற நினைத்து இது நடப்பதில்லை. இருவருக்குமே கணக்கு நினைவில் இருக்காது, அவ்வளவுதான். தவிர்க்க வழிகள் உண்டு. சேர்ந்து கிடக்கும் ஈட்டிய விடுப்பை வாரம் ஒரு நாள், இரண்டு நாள் என்று எடுத்து, சம்பளத்தைக் குறைக்காமலே வருகையைக் குறைக்கலாம். இந்தக் கட்டத்துக்காக ஐம்பது வயதிலிருந்தே விடுப்பைப் பணமாக்காமல் சேர்த்து வைக்கலாம், எவ்வளவு சேர்க்க ஆலை அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு. விடுப்பு போதாமல் சம்பளத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், அதுவரையிலான சேவைக்குப் பணிக்கொடையைப் பழைய சம்பளத்தில் கணக்கிடுவதாக நிறுவனம் கடிதம் கொடுக்கலாம். சட்டம் சொல்வதைவிட நல்ல நிபந்தனை தர முதலாளிக்குத் தடை இல்லை. அதுவும் முடியாதென்றால், முழுச் சம்பளத்தில் ஓய்வுபெற்று, கணக்கு முடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு ஆலோசகராக வருவது நல்லது.

வருங்கால வைப்பு நிதி அமைப்பின் ஓய்வூதியத்திலும் ஒரு சிறு கணக்கு உண்டு. சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாயில் பங்களித்தவருக்கு, முப்பது ஆண்டு உழைத்தாலும் மாத ஓய்வூதியம் ஏழாயிரத்தைத் தாண்டாது. உண்மையில் பலருக்கு அதைவிடக் குறைவு. 58-இல் எடுக்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். ஆலோசனை வருமானம் இருக்கிறதே, தள்ளிப்போடலாம் என்று தோன்றும். மாதம் 6,000 ரூபாய் என்று கொண்டால், இரண்டு ஆண்டில் கைவிடுவது 1,44,000 ரூபாய், கூடுதலாகக் கிடைப்பது மாதம் 490 ரூபாய் அளவில். விட்டதை மீட்க ஏறக்குறைய 24 ஆண்டு ஆகும், அதாவது 84 வயது. எடுத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. உச்சவரம்புக்கு மேல் முழுச் சம்பளத்தில் கூடுதல் ஓய்வூதியம் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்குக் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரி கணக்கில் வருவதால், அந்த ஐந்தாண்டில் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது பணிக்கொடையோடு ஓய்வூதியத்தையும் வெட்டும்.

ஆலோசகராகும்போது

ஓய்வுபெற்ற மறுநாளே அதே மேசையில், அதே கைரேகை எந்திரத்தில் விரலை வைத்து, ‘கன்சல்டன்ட்’ என்ற பெயரில் உட்காருவதை நான் ஆலோசனை என்று சொல்ல மாட்டேன். அது சலுகைகள் கழிந்த அதே வேலை. பி.எப். இல்லை, பணிக்கொடை இல்லை, விடுப்பு இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. தகராறு என்று வந்தால் அதிகாரிகள் ஒப்பந்தத்தின் தலைப்பைப் பார்ப்பதில்லை. யார் உத்தரவு போடுகிறார், யார் நேரத்தைத் தீர்மானிக்கிறார் என்று நடைமுறையைத்தான் பார்ப்பார்கள். இது நிறுவனத்துக்கும் நல்லதல்ல.

கட்டணம் சொல்வதில்தான் அனுபவசாலிகள் அதிகம் சறுக்குகிறார்கள். ஆண்டுக்கு 14,40,000 ரூபாய் வாங்கியவர், வேலை நாட்கள் 290 என்று வைத்து வகுத்து, “நாளுக்கு ஐயாயிரம் கொடுங்க போதும்” என்பார். ஆனால் ஆலோசகருக்கு ஆண்டில் நூறு நாள் வேலை கிடைத்தாலே நல்ல ஆண்டு. மீதி நாட்கள் பயணத்திலும், படிப்பதிலும், பில்லுக்காகக் காத்திருப்பதிலும் போகும். நிறுவனம் கொடுத்துவந்த பி.எப். பங்கும் காப்பீடும் இப்போது கையிலிருந்து போகும். இதையெல்லாம் சேர்த்தால் பத்தாயிரத்துக்குக் குறைந்த தொகை கட்டுப்படியாகாது.

எந்தக் கோணத்தில் பேசினால் முதலாளி அதை ஏற்பார்? மாதம் 300 டன் வார்க்கும் ஆலையில் நிராகரிப்பு 4 சதவீதத்திலிருந்து 7-க்கு ஏறினால், மாதம் 9 டன் கூடுதலாக உடைத்து மறுபடி உருக்க வேண்டும். இரும்பு திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் அதற்குச் செலவான மின்சாரமும் மணலும் கூலியும் திரும்பாது. அந்த ஆலையில் ஒரு டன்னுக்கு அது எவ்வளவு என்று முதலாளிக்கே தெரியும். ஒன்பதால் பெருக்கி அவரே பார்த்துக்கொள்ளட்டும். அதன் பக்கத்தில் பத்தாயிரம் பெரிதாகத் தெரியாது.

ஒப்பந்தத்தில் நாட்களின் எண்ணிக்கை, இரவு அழைப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா, பழுது நோட்டுகள் யாருக்குச் சொந்தம், வேறு ஆலைகளுக்கும் போகலாமா என்ற நான்கையும் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்வி கோவை போன்ற ஊரில் மிக முக்கியம், எல்லா ஆலையும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு வேறிடத்தில் தொழில் செய்யக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் ஒரு வாடிக்கையாளரின் வரைபடத்தையோ பேட்டர்ன் விவரத்தையோ இன்னோர் ஆலைக்குச் சொல்வது வேறு விஷயம். அந்த ரகசியத்தைக் காக்கும் கடமை தொடரும். ஈரமான கோரை உலர்த்தும் முறை யாருக்கும் சொந்தமில்லை, எங்கும் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட பம்பு உடலுக்காக ஆலை உருவாக்கிய ரைசர் அமைப்பு அந்த ஆலையுடையது.

வரி பற்றி இரண்டு வரி. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை செய்பவர், வரவில் பாதியை லாபமாகக் காட்டி, கணக்குப் புத்தகம் வைக்காமலே வரி கட்டும் முறை உண்டு. அப்படிக் கட்டுபவர் மொத்த முன்வரியையும் மார்ச் 15-க்குள் கட்டிவிட வேண்டும். தன் வேலை அந்த வகையில் வருமா என்று முதல் ஆண்டிலேயே ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

காப்பீட்டை மட்டும் ஆலோசகராகும்வரை தள்ளிப்போட முடியாது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு ஓய்வு நாளோடு நின்றுவிடும். 58-இல் சொந்தமாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று ஆண்டுவரை காத்திருக்கச் சொல்ல நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. 54, 55-இல், இன்னும் குழுக் காப்பீடு இருக்கும்போதே, தனியாக ஒன்றை எடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு வேலையில் இருக்கும்போதே முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் இருக்கிறது. “எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா, நாளைக்கு நம்மள எதுக்கு வச்சிருப்பாங்க?” இந்தப் பயத்தைக் குறுகிய மனம் என்று ஒதுக்குவது அநியாயம். கற்றுக்கொடுத்த கையோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. ஆகவே ஊழியர் கேட்க வேண்டிய உத்தரவாதத்தை ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும். 53 வயதில், நோட்டு தொடங்கும் முன்பே, 58-க்குப் பிறகு இத்தனை ஆண்டு, இத்தனை நாள், இந்தக் கட்டணம் என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிட வேண்டும். கற்பிப்பதை அவருடைய வேலைப் பட்டியலில் சேர்த்து, ஊதிய உயர்வை முடிவு செய்யும்போது அதையும் எடைபோட வேண்டும். அறிவைக் கேட்கும் முதலாளி இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், கேட்பது அன்பளிப்பாகத்தான். அன்பளிப்பாகக் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம்.

ஆலோசனை நாட்கள் குறைந்துகொண்டே வர வேண்டும், அதுவும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். முதல் ஆண்டு நூறு நாள், இரண்டாம் ஆண்டு ஐம்பது என்று இறங்கி வரலாம். அதன் பிறகு மாதச் சம்பளம் போல எதுவும் வேண்டாம். பழைய இரும்பு வாங்கும் இடம் மாறும்போது, புதிய வகை வார்ப்பு தொடங்கும்போது, நிராகரிப்பு இரண்டு வாரம் தொடர்ந்து ஏறும்போது மட்டும் கூப்பிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். நாட்கள் குறையாமல் மூன்றாம் ஆண்டும் நூறாகவே நின்றால், கைமாற்றம் நடக்கவில்லை என்று அர்த்தம். அப்போது பழுது நோட்டை எடுத்து, எந்த வகைப் பழுதில் இளையவரின் ஊகம் இன்னும் தவறுகிறது என்று பார்த்து, மீதி நாட்களை அந்த ஒன்றுக்கு ஒதுக்க வேண்டும்.